காபிக்குப் பின் வரும் வாய் நாற்றம்: உடனே பல் தேய்க்காமல் சரிசெய்வது எப்படி?

டிகாஷன் இறங்கும்போது வீடு முழுக்க மணக்கிறது. அதே காபியைக் குடித்து அரை மணி நேரம் கழித்துப் பேசினால், எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்வது வேறு வாசனை. லேசான கருகல், கொஞ்சம் புளிப்பு, கூடவே பழைய பால் மாதிரி ஒரு வாடை. குடித்தவருக்கு இது தெரிவதில்லை. எப்போதும் கூடவே இருக்கும் வாசனையை மூக்கு சீக்கிரம் கவனிக்காமல் விட்டுவிடும். நம் வாய் வாடை அப்படிப்பட்டதுதான்.

இதற்குப் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது. இல்லையென்றால் ஓடிப்போய்ப் பேஸ்ட் வைத்துப் பல்லைத் தேய்ப்பது. இரண்டாவது நல்ல பழக்கம் மாதிரித் தோன்றும். ஆனால் காபி குடித்த கையோடு பல் தேய்ப்பது பல்லுக்கு நல்லதில்லை, வாடைக்கும் அது சரியான மருந்தில்லை. காரணம், அந்த வாடையின் பெரும்பகுதி பல்லில் இல்லை, நாக்கில் இருக்கிறது. இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வறுத்த கொட்டையில் இருப்பது

பச்சைக் காபிக்கொட்டையை முகர்ந்து பார்த்தால் காபி மணமே வராது. புல், பச்சைப் பட்டாணி போல ஏதோ ஒரு வாசனைதான் வரும். 200 டிகிரி செல்சியஸ் அளவில் வறுக்கும்போதுதான் கொட்டையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய வாசனைப் பொருட்கள் பிறக்கின்றன. அவற்றில் கந்தகம் சேர்ந்தவை எண்ணிக்கையிலும் அளவிலும் குறைவு. ஆனால் மூக்கை முதலில் வந்து தொடுவது அவைதான்.

அதில் ஒன்றின் பெயர் ஃபர்ஃபுரைல் தயால். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய ஸ்டாடிங்கர், ரெய்ஷ்டைன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1920-களில் காபியின் மணத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். மிக மிகச் சிறிய அளவில் இருந்தால் இது அருமையான வறுத்த காபி மணம். அளவு கூடினால் இதுவே கந்தக நெடி. இன்னொன்று மீத்தேன்தயால். இது புதுக் காபிப்பொடியின் மணத்திலும் உண்டு. வாய் நாற்றத்தை ஆராயும் பல் மருத்துவர்கள் கருவி வைத்து அளக்கிற வாயுக்களிலும் உண்டு. மணத்துக்கும் நாற்றத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

டம்ளரில் இருக்கும்போது இந்த கந்தகப் பொருட்கள் மற்ற நூறு வாசனைகளோடு சேர்ந்து ஆவியோடு எழும்புகின்றன. குடித்த பிறகு நிலைமை மாறுகிறது. லேசான, இனிமையான வாசனைகள் சட்டென்று பறந்துபோய்விடும். கனமானவையும் கொழுப்பில் ஒட்டக்கூடியவையும் நாக்கிலேயே தங்கிவிடும். ஆகவே எதிராளிக்குக் கிடைப்பது காபி மணத்தின் பாதி மட்டும், அதுவும் மோசமான பாதி. சிக்கரி கலந்தால் வாடை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிக்கரியும் வறுத்த வேர்தான். அதில் கஃபீன் இல்லை என்பது உண்மை. ஆனால் கருகல் வாசனைக்கு அதுவும் தன் பங்கைத் தருகிறது.

வாய் ஏன் வறண்டதுபோல் ஆகிறது

பால் சேர்க்காத காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழக்கமான வழுவழுப்பு போய், சொரசொரவென்று இருக்கும். காபியில் உள்ள பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருட்கள் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துத் திரிய வைத்துவிடுவதால் வரும் உணர்வு இது. வாழைப்பூவை வதக்காமல் கடித்தாலும், பழுக்காத நாவற்பழத்தைத் தின்றாலும் இதே துவர்ப்புத்தான் வரும்.

காபி உடம்பில் உள்ள தண்ணீரை வற்ற வைத்துவிடும், அதனால்தான் வாய் வறள்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள். தினமும் காபி குடித்துப் பழகியவர்களுக்கு இரண்டு மூன்று டம்ளர் அப்படியொன்றும் செய்துவிடாது. குடிக்கிற காபியிலேயே தண்ணீர் இருக்கிறது. வறட்சி வாயின் மேற்பரப்பில்தான். ஆனால் வாடை விஷயத்தில் அந்த மேற்பரப்பு வறட்சியே போதும். எச்சில்தான் வாயைக் கழுவிவிடும் நீர். அமிலத்தைத் தணிப்பதும், உணவுத் துகளை அடித்துக்கொண்டு போவதும், பாக்டீரியாவைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் வேலை. அது தன் வேலையைச் சரியாகச் செய்யாத அரை மணி நேரத்தில் எல்லாம் வாயிலேயே தங்கிவிடும்.

பாலும் சர்க்கரையும் செய்வது

நம் ஊர்க் காபி பால் காபி. பால் சேர்த்தால் துவர்ப்பு குறையும். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் அந்தப் பாலிஃபீனால்களைத் தானே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பால் காபி தொண்டையில் இதமாக இறங்குகிறது. ஆனால் வேறொரு விளைவு உண்டு. பால் காபி குடித்து ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். பால் புரதமும், கொழுப்பும், காபியின் நிறமும், எச்சிலும் சேர்ந்த படலம் அது. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும் வாசனைகள் இந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன.

நாக்கின் மேற்பரப்பு பார்க்க வழவழப்பாக இருந்தாலும் உண்மையில் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான மொட்டுகளும் அவற்றுக்கு நடுவில் பள்ளங்களும் உள்ளன. பின்பக்கம் இன்னும் அடர்த்தி. அந்தப் பள்ளங்களில் காற்று அதிகம் போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் வீடு. அவை சாப்பிடுவது சர்க்கரையை இல்லை, புரதத்தை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிரும் செல்கள், எச்சிலின் புரதம், பாலின் புரதம், இவற்றில் உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன்தயால் ஆகிய வாயுக்களை விடுகின்றன. முதலாவது அழுகிய முட்டை வாடை. இரண்டாவது அழுகின முட்டைக்கோஸ் வாடை.

இங்கே காபிக்காக ஒரு நியாயம் பேசியாக வேண்டும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் வாய் நாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மெல் ரோசன்பர்க்கின் குழு, காபிச் சாறு நாற்றத்தை அதிகமாக்கும் என்று எதிர்பார்த்து ஆய்வகத்தில் சோதித்தது. ஆனால் அது நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்கியது. ஆக, காபி பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை. தீனி கொடுப்பது அதனோடு போகிற பால், பூச்சு போட்டுத் தங்க வைப்பது அதன் கொழுப்பு, இடம் கொடுப்பது வறட்சி.

சர்க்கரையின் கதை வேறு. அது நாற்றத்தை நேரடியாக உண்டாக்குவதில்லை. பல்லில் ஒட்டியிருக்கும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றுகின்றன. சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் உள்ள படலத்தின் அமிலத்தன்மை ஏறுகிறது, பிறகு இறங்கி வழக்க நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து வரைபடமாகப் போட்டார். இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் அவர் பெயரில்தான் அதைப் பாடம் சொல்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்தால் ஒவ்வொரு மடக்குக்கும் இந்த நேரம் புதிதாக ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் குடித்து முடித்த காபியும், மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சிய காபியும் பல்லுக்கு ஒன்றல்ல.

உடனே ஏன் தேய்க்கக்கூடாது

பல்லின் மேல் உறையான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பு மெல்லிய அளவில் மிருதுவாகும். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. வெறும் காபியின் பி.எச். ஏறக்குறைய 5. பால் கலந்தால் அது 6-ஐ ஒட்டி வந்துவிடும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2-க்கும் 3-க்கும் நடுவில்.

மிருதுவாகியிருக்கும் நேரத்தில் பேஸ்ட்டும் பிரஷ்ஷும் அதைத் தேய்த்தால் கொஞ்சம் போகும். போன எனாமல் திரும்ப வளராது. விட்டு வைத்தால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அந்த மேற்பரப்பை மறுபடி இறுக்கிவிடும். அதற்குத்தான் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால், பால் காபிக்குப் பிறகு ஒரு நாள் தெரியாமல் தேய்த்துவிட்டால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுத் தேய்ப்பதுதான் நிஜமான ஆபத்து. வெறும் காபி அதற்கும் பால் காபிக்கும் நடுவில். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று காபி குடிப்பவர் மூன்று தடவையும் அழுத்தித் தேய்த்தால், காலை இரவு தேய்ப்பதோடு சேர்த்து ஐந்து தடவை ஆகிவிடுகிறது. ஈறு கீழிறங்கி வேர் தெரிவதும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுவதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பல்பொடியும் உமிக்கரியும் உப்பும் வைத்து விரலால் தேய்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பேஸ்ட்டைவிட அவற்றில் சொரசொரப்பு அதிகம்.

சரி, பிரஷ் இல்லாமல் என்ன செய்யலாம்? முதல் வேலை கொப்பளிப்பது. அதை எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தண்ணீரை வாயில் ஒரு சுற்று சுற்றித் துப்புவதோடு முடித்துவிடுகிறார்கள். அது பல்லின் முன்பக்கத்தை மட்டும் நனைக்கும். சரியான முறையில் செய்ய ஒரு நிமிடம் போதும். வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் நல்லது, பால் கொழுப்பு அதில் எளிதாக இளகும். இல்லையென்றால் சாதாரணத் தண்ணீரே போதும். ஒரு வாய் நீரை எடுத்துக்கொண்டு கன்னங்களை உப்பி, நீரைப் பல்லிடுக்குகள் வழியே முன்னும் பின்னும் தள்ளுங்கள். அரை நிமிடம். துப்பிவிட்டு அடுத்த வாய் நீரை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் களகளவென்று கொப்பளியுங்கள். நாக்கின் பின்பகுதி நனைவது இந்த இரண்டாவது கொப்பளிப்பில்தான். முதல் தடவை துப்பும் நீரின் நிறத்தைக் கவனித்தால் பழுப்பாக இருக்கும். துப்புகிற நீர் நிறமில்லாமல் வரும்வரை இன்னும் ஒன்றிரண்டு தடவை செய்தால் போதும்.

இரண்டாவது, நாக்கு வழிப்பது. காபிக்குப் பிறகு செய்யக்கூடியதில் இதுதான் மிகவும் பயனுள்ளது என்பேன். நாக்கில் எனாமல் இல்லை, எனவே காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் பல் தேய்த்ததும் நாக்கு வழிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதே வழிப்பானில் இன்னொன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீல் அல்லது செம்பில் வளைந்து வரும் வகை நல்லது, கழுவுவதும் சுலபம். நாக்கை முழுக்க வெளியே நீட்டி, முடிந்தவரை பின்னால் வைத்து, அழுத்தாமல் முன்னோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைக் கழுவுங்கள். மூன்று நான்கு இழுப்பு போதும். கம்பியில் வரும் பழுப்புப் படலத்தைப் பார்த்தாலே, வாடை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

குமட்டல் வந்தால் கம்பியை வைக்கும்போது வாய் வழியாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள். பலருக்கு அப்போது குமட்டல் குறையும். ரத்தம் வந்தாலோ, பிறகு உணவு பட்டு எரிந்தாலோ, அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வழிப்பான் இல்லாத இடத்தில் சுத்தமான கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து நாக்கின் மேல் பின்னிருந்து முன்னாக இரண்டு தடவை துடைத்தாலும் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, எச்சிலைத் திரும்பக் கொண்டுவருவது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு அரை மில்லிக்கும் குறைவாகச் சுரக்கும் எச்சில், எதையாவது மெல்லும்போது பல மடங்கு கூடுகிறது. அப்படிச் சுரக்கும் எச்சிலில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் அதிகம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், குறிப்பாக சைலிட்டால் சேர்த்தது, பத்திருபது நிமிடம் மென்றால் இந்த வேலை நன்றாக நடக்கும். வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பாக்கெட்டை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சைலிட்டால் நாய்களுக்கு விஷம்.

சூயிங்கம் பிடிக்காதவர்களுக்கு அரை ஸ்பூன் சோம்பு அல்லது ஓர் ஏலக்காய். இவை இரண்டு விதத்தில் உதவுகின்றன: மெல்லுவதால் எச்சில் ஊறும், அவற்றின் எண்ணெய் வாசனை காபி வாடையை மூடும். மூடுவது மட்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான், அதனால் கொப்பளித்து நாக்கு வழித்த பிறகு மென்றால்தான் முழுப் பலன். கிராம்பும் நல்லதுதான், ஆனால் ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்தால் அந்த இடம் எரிந்து புண்ணாகும். ஹோட்டல் பில்லோடு தட்டில் வரும் கலர் சோம்பு சர்க்கரை பூசியது. பெப்பர்மின்ட் மிட்டாயும் அப்படியே. வாசனை வரும், பல்லில் அமிலம் இன்னும் அரை மணி நேரம் நீளும்.

இனிப்புப் பாக்கு, மசாலாப் பாக்கு என்று சின்னப் பாக்கெட்டில் விற்பதை வாய் மணக்கும் பொருள் என்று போட்டுக்கொள்கிறார்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வேண்டாம். பாக்கு வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராத பாக்குக்கும் அது பொருந்தும். காபி வாடைக்காக அந்தப் பக்கம் போகவே கூடாது.

வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டில்களைப் பற்றியும் கேட்பார்கள். ஆல்கஹால் இல்லாதது பரவாயில்லை. துத்தநாகம் சேர்ந்தது கந்தக வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வாடைக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈறு நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் வகையைக் காபிக்குப் பிறகு தினமும் எடுக்காதீர்கள். அதைப் பயன்படுத்தும் நாட்களில் காபியும் டீயும் பல்லில் பழுப்புக் கறையைச் சீக்கிரம் ஏற்றிவிடும், அதைப் பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் செய்யக்கூடியது ஆப்ப சோடா நீர். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டுக் கரைத்துக் கொப்பளித்துத் துப்பினால் அமிலம் உடனே தணியும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் கலந்திருக்கும். அதை இதற்கு எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள் இந்த நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் கொப்பளித்தால் வாய் புத்துணர்ச்சியாகத் தோன்றும், அது தருவது காபியைவிடப் பல மடங்கு அமிலம். அதை விட்டுவிடுங்கள்.

ஒரு மாலைநேரக் கணக்கு

ஒருவருக்கு நாலரை மணிக்கு வாடிக்கையாளரோடு சந்திப்பு என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிக்குக் கேன்டீனில் பால் காபி வருகிறது, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டது. அவர் வழக்கமாக அதை மேஜையில் வைத்துக்கொண்டு மெயில் பார்த்தபடி நாலு இருபத்தைந்து வரை குடிப்பார். கடைசி மடக்கை விழுங்கிவிட்டு ஒரு பெப்பர்மின்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். சந்திப்பு தொடங்கும்போது பெப்பர்மின்ட் வாசனை இருக்கும். பேசப் பேச வாய் உலர்ந்து, அந்த வாசனை அடங்கி, நாக்கில் இருக்கும் படலம் தன் வாடையை விடத் தொடங்கும். ஐந்து மணிக்குத்தான் அது எதிரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும், அவரோ நாலரைக்கு எல்லாம் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

இதையே மாற்றிப் பார்க்கலாம். நாலு மணிக் காபியை நாலு பத்துக்குள் குடித்து முடிக்கிறார். சூடு அதிகமிருந்தால் நன்றாக ஆற்றிக்கொள்கிறார், ஏனென்றால் சூடு தணியக் காத்திருக்கும் நேரம்தான் உறிஞ்சும் நேரமாக நீளும். உடனே எழுந்து கழிப்பறையில் இரண்டு வாய் நீரில் கொப்பளிக்கிறார், ஒரு வாய் தொண்டைக் கொப்பளிப்பு, மூன்று இழுப்பு நாக்கு. நாலு பதினைந்து. பிறகு சூயிங்கமோ சோம்போ போட்டு நாலு இருபத்தெட்டு வரை மெல்லுகிறார், துப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். சந்திப்புக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போகிறார், பேச்சின் நடுவே அவ்வப்போது ஒரு மடக்கு. மொத்தம் செலவானது நான்கைந்து நிமிடம். பிரஷ் இரவு வரை தேவைப்படவில்லை.

பலன் கிடைத்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நாக்கை நன்றாக நீட்டி, அதன் பின்பகுதி படும்படி மணிக்கட்டின் உட்புறத்தை ஒரு தடவை நக்கி, பத்து விநாடி உலரவிட்டு முகர்ந்து பாருங்கள். கையை வாய் முன் குவித்து ஊதிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஊதும்போது மூக்கு ஏற்கனவே பழகிய வாடையைத்தான் மறுபடி முகர்கிறது. கருகல் காபி வாடை மட்டும் லேசாக இருந்தால் கவலையில்லை. முட்டை வாடை வந்தால் நாக்கின் பின்பகுதி இன்னும் சுத்தமாகவில்லை.

காலையில் வரிசையை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை

இரவு தூங்கும்போது எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அதனால் காலையில் எழும்போது நாக்கின் மேல் பாக்டீரியாப் படலம் தடித்திருக்கும். பெட் காபி குடிப்பவர்கள் அந்தப் படலத்தின் மேல் பாலையும் சர்க்கரையையும் ஊற்றுகிறார்கள். அப்புறம் பல் தேய்க்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், காத்திருக்க நேரமில்லாமல் உடனே தேய்க்கிறார்கள். எழுந்ததும் முதலில் பல் தேய்த்து நாக்கு வழித்துவிட்டால் காபி சுத்தமான வாயில் விழுகிறது, பேஸ்ட்டின் ஃப்ளோரைடு பல்லில் ஏற்கனவே இருக்கிறது, குடித்த பிறகு கொப்பளித்தால் போதும். பேஸ்ட்டுக்குப் பிறகு காபி கசக்கிறது என்பது உண்மைதான். நுரை வருவதற்காகப் பேஸ்ட்டில் சேர்க்கும் பொருள் நாக்கின் சுவையை மாற்றிவிடுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது சரியாகிவிடும், பால் காய்ந்து டிகாஷன் இறங்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும். பெட் காபியை விடவே முடியாதவர்கள், அதற்கு முன் தண்ணீரில் கொப்பளித்து நாக்கையாவது வழித்துவிடட்டும்.

காபியைக் குற்றம் சொல்ல முடியாத வாடையும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க, ஒரு நாள் காலையில் பல் தேய்த்து, காபி குடிக்காமல், இரண்டு மணி நேரம் கழித்து அந்த மணிக்கட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். அப்போதும் முட்டை வாடை வந்தால் காரணம் வேறு. ஈறிலிருந்து ரத்தம் வருகிறதா, பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்து முகர்ந்தால் ஓரிடத்தில் மட்டும் நாறுகிறதா என்று பாருங்கள். அது ஈறு நோயோ சொத்தையோ ஆக இருக்கலாம், பல் மருத்துவர் பார்த்தால்தான் தீரும். தொண்டையிலிருந்து அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஏதாவது இருமும்போது வந்தால் அது டான்சில் கல், அதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர். ரத்த அழுத்தம், அலர்ஜி, மன அழுத்தம் இவற்றுக்கான மாத்திரைகளில் சில எச்சிலைக் குறைக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு வாய் வறண்டு வாடையும் கூடியிருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். காபி குடித்ததும் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வந்து, அதோடு வாடையும் வந்தால், அது வாயிலிருந்து வருவதில்லை. காபி சிலருக்கு இரைப்பையின் மேல் வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே வரவிடும். அவர்களுக்கு எவ்வளவு கொப்பளித்தாலும் பலன் கொஞ்ச நேரம்தான். வெறும் வயிற்றில் குடிப்பதை நிறுத்தி, அளவைக் குறைத்துப் பார்த்து, அதற்கும் அடங்கவில்லை என்றால் வயிற்றுக்கான மருத்துவரைப் பார்க்க வேண்டும்.